ஒரே ஆசிரியர், மூன்று வகுப்பு: மற்ற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

“ஒரே டீச்சர் மூணு வகுப்பைப் பார்த்தா, ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மத்த ரெண்டும் சும்மாதான் உட்காந்திருக்கும். மூணுல ஒரு பங்கு படிப்புதான் கிடைக்கும்.”

இந்தக் கணக்கு தப்பு. ஆசிரியர் பேசும் நேரம் மட்டும்தான் படிப்பு என்று வைத்துக்கொண்டால்தான் இப்படி வரும்.

2, 3, 4-ஆம் வகுப்புகளுக்குக் கழித்தல் பாடம், 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 5 நிமிடம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கதைக் கணக்கு. அப்புறம் ஆசிரியர் இரண்டாம் வகுப்போடு உட்கார்ந்து புதுப்பாடம் சொல்லித்தரும்போது, மூன்றாம் வகுப்பு இரண்டிரண்டு பேராகப் பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்து 52-லிருந்து 27-ஐக் கழிக்கிறது, நான்காம் வகுப்பு பின்பக்கம் விடை எழுதிய அட்டைகளைப் போட்டுத் தானே திருத்திக்கொள்கிறது. 12 நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் அடுத்த குழுவுக்கு மாறுவார். கடைசி 4 நிமிடம் நோட்டு பார்க்க.

தனியாகச் செய்யும் குழுவுக்கு ஏற்கெனவே பழகிய வேலையைத்தான் தர வேண்டும். புதிதாக எதையாவது கொடுத்தால் பிள்ளைகள் ஆசிரியர் முன்னால் வரிசைகட்டி நிற்பார்கள், அவர் உட்கார்ந்திருக்கும் குழுவின் பாடமும் கெட்டுப்போகும்.

சரி, சும்மா உட்காரவைக்கும் பள்ளிகளே இல்லையா? இருக்கின்றன. பிள்ளையின் நோட்டைப் புரட்டுங்கள், பக்கம் பக்கமாகப் பலகையைப் பார்த்து எழுதியது மட்டும் இருந்தால் அங்கே குழுவேலை திட்டமிடப்படவில்லை. வகுப்புவாரியாகத் தனித்தனிப் பாடநூலை மட்டும் கையில் கொடுத்து, அட்டையோ பயிற்சியோ தராமல் விட்டால் எந்த ஆசிரியரும் பலகையைப் பார்த்து எழுதவைப்பதில்தான் போய் நிற்பார்.