ஆறு சொல்லை ஒரே vali ஆக்கிவிட்டு, திரும்பத் தமிழில் கொடு என்றால்?

ஒரு எக்செல் கோப்பு வரும். நூற்றுக்கணக்கில் புத்தகத் தலைப்புகள், ஆசிரியர் பெயர்கள், எல்லாம் ரோமன் எழுத்தில். கூடவே ஒரு வரி: "இதைத் தமிழில் மாற்றிக் கொடுத்துவிடுங்கள், அதற்குத்தான் கன்வர்ட்டர் இருக்கிறதே." தமிழில் இருந்த பத்தி எங்கே என்று கேட்டால், "அது கட்டம் கட்டமாகத் தெரிந்தது, அழித்துவிட்டோம்" என்கிறார்கள். இருந்த ஒரே ஆதாரத்தை அழித்துவிட்டு, அதன் நிழலைக் கையில் கொடுத்து உருவத்தை வரையச் சொல்கிறார்கள். நூலகப் பட்டியல் வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

முடியாது என்று சொன்னால் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். அதனால் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

வலி, வாலி, வளி, வழி, வாழி, வாளி. ஆறு சொற்கள். ஒன்று நோவு, ஒன்று கிட்கிந்தையின் அரசன், ஒன்று காற்று, ஒன்று பாதை, ஒன்று வாழ்த்து, ஒன்று தண்ணீர் எடுக்கும் பாத்திரம். இவற்றை முறைப்படி ரோமன் எழுத்தில் எழுத வழி இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோதே எழுத்துக்கு எழுத்து ஒரு குறி வைத்திருந்தது. 2001-இல் வந்த ISO 15919 தரமும் தமிழுக்குக் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. நெடிலுக்கு மேலே கோடு, ள-வுக்குக் கீழே புள்ளி, ழ-வுக்குக் கீழே கோடு. அதன்படி எழுதினால் இப்படி வரும்:

```
vali  vāli  vaḷi  vaḻi  vāḻi  vāḷi
```

ஆறும் ஆறாகவே நிற்கின்றன. இந்த நிலையில் என்னிடம் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தமிழுக்குத் திருப்பலாம். ஆனால் இந்த நிலையில் யாரும் கொடுப்பதில்லை. நடுவில் ஏதோ ஒரு மென்பொருள் "விசேஷக் குறிகளைச் சுத்தம்" செய்திருக்கும். தேடலுக்கு வசதி, கோப்புப் பெயருக்கு வசதி என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கும் நாலு வரி நிரல் இதுதான்:

```python
import unicodedata
def clean(s):
    d = unicodedata.normalize("NFD", s)
    return "".join(c for c in d if unicodedata.category(c) != "Mn")
```

முதல் வேலையாக இது ḻ என்பதை l தனி, கீழ்க்கோடு தனி என்று பிரிக்கிறது. அடுத்த வரியில் கோட்டைத் தூக்கி எறிகிறது. ஆறு சொல்லும் உள்ளே போகின்றன, வெளியே வருவது vali, vali, vali, vali, vali, vali. நிரல் எந்தப் பிழையும் காட்டாது, எச்சரிக்கை கூடக் கொடுக்காது. ழகரம், ளகரம், நெடில் எல்லாம் போய்ச் சேர்ந்ததே யாருக்கும் தெரியாது. இதற்குப் பெயர் சுத்தமா?

உடனே ஒருவர் வருவார்: "குறியே வேண்டாம், சாதாரண விசைப்பலகையில் உள்ள எழுத்தை வைத்தே எழுதலாமே." எழுதலாம். நெடிலுக்கு aa, ழ-வுக்கு z, ள-வுக்குப் பெரிய L என்று வைத்துக்கொண்டால் vali, vaali, vaLi, vazi, vaazi, vaaLi. குறி நீக்கும் நிரல் இதை ஒன்றும் செய்யாது. ஆனால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் ஒரு படிவத்தில் போட்டதும் வலியும் வளியும் VALI ஆகின்றன, வாலியும் வாளியும் VAALI ஆகின்றன. ஆறு, நாலாகிவிட்டது. குறி வைத்த முறைக்கு இந்தப் படிவம் ஒரு பொருட்டே இல்லை, VĀḺI என்று அப்படியே நிற்கும். அதைக் கொல்வது வேறு நிரல். ஒவ்வொரு முறைக்கும் உயிர் போகும் இடம் வேறு, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுமே நடக்கும் இடமும் உண்டு. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் A முதல் Z வரை பெரிய எழுத்து, எண், < என்ற குறி தவிர வேறு எதற்கும் இடமில்லை. உலகம் முழுக்க அதே விதி.

அகராதியை வைத்து ஊகிக்கலாமே என்பார்கள். வாக்கியமாக இருந்தால் ஓரளவு முடியும். "தலை vali" என்றால் நோவுதான். பெயருக்கு என்ன செய்வது? Valli என்று ஒரு ஆசிரியர் பெயர் நிற்கிறது. வள்ளியா, வல்லியா? இரண்டும் பெயர், இரண்டுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒன்றை ஊகித்துப் போட்டால் அதுவே பட்டியலில் ஏறி, நாலு இடத்துக்கு நகலாகி, உண்மை ஆகிவிடும். ஒரு மனுஷியின் பெயரைத் தப்பாக்கும் உரிமையை எனக்கு யார் கொடுத்தது?

சரி, குறியும் போகவில்லை, பெரிய எழுத்தும் கெடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஒரு முறை எல்லாவற்றையும் காப்பாற்றுமா? காப்பாற்றாது. எழுத்தைக் காட்டுவது ஒரு வேலை, ஒலியைக் காட்டுவது இன்னொரு வேலை. தங்கம் என்பதை எழுத்துப்படி எழுதினால் taṅkam. தமிழ் தெரியாதவர் அதில் க-வை அழுத்தித்தான் படிப்பார், நாம் சொல்லும் மெல்லிய ஒலி வராது. காற்று என்பது kāṟṟu. அதைப் பார்த்து ற்ற-வின் உச்சரிப்பைக் கண்டுபிடிக்க அவரால் முடியாது. இதனால்தான் மக்கள் thangam, kaatru என்று எழுதுகிறார்கள். ஒலி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த tr எந்த எழுத்திலிருந்து வந்தது என்பது போய்விட்டது.

பாவம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "பாவம் செய்தான்" என்பதில் முதல் எழுத்து ஒரு மாதிரி ஒலிக்கிறது. "முகத்தில் பாவம் காட்டினாள்" என்பதில் வேறு மாதிரி ஒலிக்கிறது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்று, ஆகவே எழுத்துப்படி இரண்டும் pāvam. முறையின் மேல் தப்பே இல்லை, எழுதியதை அப்படியே காட்டியிருக்கிறது. நாட்டியம் பற்றிய நூலுக்கு அது போதாது என்று bhavam என்று போடுகிறார்கள். ஒலி வந்தது, நெடில் போனது. இப்போது அது பாவமா, பிறவியைக் குறிக்கும் பவமா? குட்டைப் போர்வை மாதிரி, கீழே இழுத்தால் தலை தெரிகிறது, மேலே இழுத்தால் கால் தெரிகிறது.

இது தமிழின் குறை என்று சொல்பவர்களைக் கண்டால்தான் கோபம் தலைக்கேறுகிறது. தென்கொரியாவைப் பாருங்கள். அந்த அரசு 2000-இல் வெளியிட்ட ரோமன் எழுத்து விதி ஒலியைத்தான் பின்பற்றுகிறது. விடுதலை என்று பொருள்படும் சொல்லை அதன்படி dongnip என்று எழுத வேண்டும், பேசும்போது அப்படித்தான் ஒலிக்கிறது. ஆனால் கொரிய எழுத்தில் அங்கே இருப்பது g, l, கடைசியில் b. இரண்டு மெய்கள் சேரும் இடத்தில் ஒலி மாறுகிறது, விதி மாறிய ஒலியை எழுதுகிறது. அப்படியானால் dongnip என்பதிலிருந்து மூல எழுத்துக்கு எப்படித் திரும்புவது? அதே விதித்தொகுப்பே பதில் சொல்கிறது: ஆய்வு போன்ற வேலைகளில் மூல எழுத்துக்குத் திரும்ப வேண்டுமானால் எழுத்துக்கு எழுத்தாக doglib என்று எழுது. ஒரே மொழி, ஒரே ஆவணம், இரண்டு முறை. ஒன்று இரண்டு வேலையும் செய்யாது என்று விதி எழுதியவர்களே ஒத்துக்கொண்டார்கள். நம்மிடம் கோப்பு அனுப்புகிறவர்கள்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

ஜப்பானில் ஓனோ, ஒனோ என்று இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. ஒன்றின் எழுத்துகளுக்குப் பொருள் பெரிய சமவெளி, மற்றதற்குச் சிறிய சமவெளி. பெரிய சமவெளியில் முதல் உயிர் நெடில், Ōno. சிறியதில் குறில், Ono. மேலே உள்ள கோடு போனதும் பெரியதும் சிறியதும் ஒன்றாகிவிட்டது. கடவுச்சீட்டில் நெடிலுக்கு OH போட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது, போடாதவர்கள் ONO-வாகவே பயணம் செய்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு "சரியான ஸ்பெல்லிங் எது?" என்று கேட்கிறார்கள். எந்த முறைப்படி, எந்த வேலைக்கு என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்கு அர்த்தமே கிடையாது. ḷ என்ற ஒரே குறியைப் பாருங்கள். ISO 15919-இல் அது ள. சமஸ்கிருதத்துக்குப் பரவலாகப் பயன்படும் IAST முறையில் அது ஒரு உயிரெழுத்து. முறையின் பெயர் கூட வரவில்லை என்றால் புள்ளி வைத்தும் பயனில்லை.

இதற்குத் தீர்வு இல்லாமல் இருந்தால் நான் இப்படிக் கத்த மாட்டேன். நூலகங்கள் பயன்படுத்தும் MARC 21 வடிவத்தில் 880 என்று ஒரு புலம் இருக்கிறது. தலைப்பு 245-இல் ரோமன் எழுத்தில் இருக்கும், மூல எழுத்து 880-இல் இருக்கும், இரண்டையும் துணைப்புலம் 6 கோத்து வைக்கும். ஒன்றைத் தேடினால் மற்றதும் வரும். MARC வேண்டாம், வெறும் எக்செல் என்றாலும் மூன்று பத்தி போதும்:

```
title_ta | title_latn | scheme
வழி      | vaḻi       | ta-Latn-alalc97
```

மூன்றாவது பத்தியில் இருப்பது மொழிக்குறி. தமிழ், ரோமன் எழுத்தில், அமெரிக்க நூலகங்களின் ALA-LC முறைப்படி என்று அது சொல்கிறது. தேடலுக்கு குறி இல்லாத வடிவம் வேண்டுமா, நாலாவதாக ஒரு பத்தி சேர்த்து அங்கே vali என்று போட்டுக்கொள்ளுங்கள். யார் வேண்டாம் என்றது? முதல் பத்தியை அழிக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துருவின் கோளாறாகத்தான் பெரும்பாலும் இருக்கும், தரவு உள்ளே பத்திரமாக இருக்கும். கேள்விக்குறியாக மாறி, அப்படியே சேமித்தும் ஆகிவிட்டால்தான் உண்மையிலேயே போய்விட்டது.

கோப்பை அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான தமிழ்த் தலைப்புகளில் ஒரு ṉ கூட இல்லை, ஒரு ḻ கூட இல்லை, aa-வும் இல்லை என்றால் யாரோ ஏற்கெனவே சுத்தம் செய்துவிட்டார்கள். அந்தக் கோப்பை எனக்கு அனுப்பாதீர்கள். அதற்கு முந்தைய நகலைத் தேடுங்கள். அதுவும் இல்லை என்றால் ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தையும் போனில் படமெடுத்து அனுப்புங்கள், உட்கார்ந்து தட்டச்சு செய்து தருகிறேன்.