ஊருணியை ஏரி என்று எழுதாதீர்கள்

போன மாதம் அம்மாவின் ஊருக்குப் போயிருந்தேன். ராமநாதபுரம் மாவட்டத்தில், கடலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற சின்ன ஊர். ஊருணிக் கரையில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். "ஏரி ஆழப்படுத்தும் பணி" என்று எழுதியிருந்தது. அந்த ஊரில் ஏரி கிடையாது. கண்மாய் உண்டு, ஊருணி உண்டு, வடக்கே ஒரு ஏந்தல் உண்டு. ஏரி என்ற சொல் அந்தப் பக்கத்து ஆட்கள் வாயில் வருவதே இல்லை.

பெயர்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் பலகையில் என்ன பெயர் இருந்ததோ, வேலையும் அதற்குத் தகுந்த மாதிரியே நடந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏரி, கண்மாய், குளம் என்ற மூன்றும் பெரும்பாலும் ஒரே வேலைக்கு வெவ்வேறு வட்டாரங்கள் வைத்த பெயர்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் வயலுக்குப் பாயும் நீர்நிலை ஏரி. அதனால்தான் அங்கே பொன்னேரி, தென்னேரி என்று ஊர்கள். (வேளச்சேரி, கூடுவாஞ்சேரியை இதில் சேர்க்கக் கூடாது, அவை 'சேரி', குடியிருப்பைக் குறிக்கும் சொல்.) மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வந்தால் அதே வேலையைக் கண்மாய் செய்கிறது. பேச்சில் கம்மாய். இன்னும் தெற்கே போனால் சாத்தான்குளம், ஆலங்குளம், விளாத்திகுளம். கடல் தாண்டி வன்னியிலும் வவுனிக்குளம், கனகராயன்குளம் என்று அதே சொல்தான். சென்னைக்காரருக்குக் குளம் என்றால் கோயில் குளம் நினைவுக்கு வரும். திருநெல்வேலிக்காரருக்கு நெல் வயல் நினைவுக்கு வரும்.

இந்த மூன்றிலும் அமைப்பு ஒன்றுதான். சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் மட்டும் வில் மாதிரி ஒரு கரை. மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும், மழை நீர் அந்த வழியாக வந்து சேரும். கரைக்கு அந்தப்புறம் வயல், தண்ணீரைவிடத் தாழ்வாக. கரைக்கு அடியில் மடை வழியாகத் தண்ணீர் தானாகப் போகும், மிச்சம் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு இறங்கும். ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நாரையாலேயே ஒரு மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளம், அத்தனை மடை. கண்மாயின் பெருமையை மடையை எண்ணித்தான் சொல்கிறார்கள், ஆழத்தை அளந்து அல்ல. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குத் தானாக ஏறாது. சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊறலாம், அவ்வளவுதான்.

ஏந்தலும் தாங்கலும் சின்னவை. சிவகங்கைப் பக்கம் முத்தனேந்தல், வடக்கே பழவந்தாங்கல், வேடந்தாங்கல். ஏந்துவது, தாங்குவது: எங்கோ இருந்த இரண்டு வட்டாரத்துக்காரர்கள், வந்த தண்ணீரைக் கையில் வாங்கிக்கொள்கிற ஒரே செயலுக்கு ஆளுக்கொரு வினையை எடுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதை முதலில் கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஊருணி இந்தக் குடும்பமே இல்லை. ஊர் உண்ணும் நீர், அதனால் ஊருணி. திருக்குறள் 215-ஆம் குறளில் அறிவுள்ளவனின் செல்வத்துக்கு உவமையாக வருவது இதுதான். பலகைகளில் இப்போது 'ஊரணி' என்றே எழுதுகிறார்கள், தஞ்சாவூர்ப் பக்கம் ஊரணிபுரம் என்று ஊரே இருக்கிறது. உச்சரிப்பு தேய்வது இயல்பு, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு உகரம் போனதும், உண்பதற்கான தண்ணீர் என்ற சேதியும் சேர்ந்து போய்விடுகிறது.

ஊருணிக்கு மடை கிடையாது, தண்ணீர் பாயும் வயல்பரப்பான ஆயக்கட்டும் கிடையாது. நாலு பக்கமும் கரை வைத்து, இறங்கிக் குடத்தில் மொள்ளப் படி வைத்த பள்ளம் அது. எங்கள் ஊரில் மாடு இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, கரையில் செருப்போடு நடக்கக் கூடாது. முதல் மழைத் தண்ணீரை வரத்துக்காலில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்து, வெளியே திருப்பிவிடுவார்கள். நிலம் கழுவின பிறகு வருகிற தண்ணீர்தான் உள்ளே போகும். கலங்கலாக இருந்தால் அம்மாச்சி பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார். காலையில் தெளிந்திருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'ஊர் உண்ணும்' என்பதில் ஊர் என்றால் எல்லோரும் இல்லை. பல ஊர்களில் காலனி மக்களை இந்தப் படியில் கால் வைக்க விட்டதில்லை. யாராவது மொண்டு ஊற்றுவார்களா என்று குடத்தோடு எட்டி நின்றவர்கள் உண்டு. ஊருணியைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

சரி, பலகைக்கு வருகிறேன். கடலோர மண்ணில் கீழே இருக்கிற தண்ணீர் உப்பு. ஊருணியின் அடியில் இருக்கும் களிமண் படுகைதான் மேலே நிற்கும் மழைத் தண்ணீரையும் கீழே இருக்கும் உப்புத் தண்ணீரையும் பிரித்து வைத்திருக்கிறது. அதனால்தான் பழைய ஊருணிகள் ஆழம் குறைவாக இருந்தன. தூர் வாருவது என்றால் அந்த வருடத்துச் சேற்றை மட்டும் வழித்து எடுப்பது. களிமண் தட்டுப்பட்டதும் மண்வெட்டியை நிறுத்திவிடுவார்கள். இந்த முறை இயந்திரம் இறங்கி, இருந்த எட்டடிக்கு மேல் இன்னும் ஆறடி தோண்டியிருக்கிறது. ஆழமாக இருந்தால் நிறையத் தண்ணீர் நிற்கும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்திருக்கிறது. வழக்கமாகப் பங்குனி வரை மெல்ல மெல்ல வற்றும் தண்ணீர், தை பிறப்பதற்குள் பாதியாகிவிட்டது. வெயில் மட்டும் இந்த வேகத்தில் குடிக்காது, அடியில் ஓட்டை விழுந்துவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். அப்புறம் மாசியில் மட்டம் இறங்குவது நின்றுவிட்டது. சந்தோஷப்பட்டு மொண்டு குடித்தவர்கள் துப்பியிருக்கிறார்கள். மேலே நின்ற நல்ல தண்ணீர் கீழே போய், அதன் பளு குறைந்ததும் உப்புத் தண்ணீர் மேலே ஊறியிருக்கிறது. நான் போனபோது வெட்டிய ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

இதைச் சரிசெய்ய முடியாது என்றில்லை. கண்மாய்க்குள் இருக்கிற களிமண்ணைக் கொண்டுவந்து தோண்டிய ஆழத்தை நிரப்பி, ஈரமாக வைத்து அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். முன்பு மாட்டை விட்டு மிதிக்கவிடுவார்கள், இப்போது உருளை இருக்கிறது. மழைக்கு முன்னால் செய்தால், அடைப்பு பிடித்ததா இல்லையா என்று அடுத்த தையில் தெரிந்துவிடும்.

ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் அந்தக் கண்மாய் நீர்வளத்துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. எல்லாம் எத்தனை ஏக்கர் பாயும் என்ற கணக்கு. ஒரு ஏக்கர்கூடப் பாய்ச்சாத ஊருணிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆழம், கன அடி என்று அளந்துவிட்டு, குடிக்க முடிகிறதா என்று கேட்காமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டு அத்தை இப்போது ஒரு குடம் பத்து ரூபாய்க்கு வண்டித் தண்ணீர் வாங்குகிறார். அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டேன். "ஏரின்னுதானப்பா எழுதியிருக்கான், குடிக்கிற தண்ணின்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.