ஆடித் தள்ளுபடியைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

ஆடி நெருங்கினால், நான் கணக்குப் பார்க்கும் சிறு ஜவுளிக் கடைக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எதிர்க்கடையில் 20 சதவீதம் போட்டிருக்கிறார்கள், நாமும் போடலாமா?" எதிர்க்கடைக்காரரின் கொள்முதல் விலை நமக்குத் தெரியாதவரை, அவருடைய சதவீதத்தை வைத்து நாம் எதையும் முடிவு செய்ய இயலாது என்பதே என் கருத்து.

ஒரு கடையின் பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி நீங்கலாக விலை 1,000 ரூபாய், கொள்முதல் 650, விற்பனையாளர் கமிஷன், பை, கார்டு கட்டணம் என ஒவ்வொரு சேலையுடனும் போவது 50. மிஞ்சுவது 300. வாடகையும் மாதச் சம்பளமும் எத்தனை சேலை விற்றாலும் மாறாதவை என்பதால் இதில் சேரா. திருமணங்கள் இல்லாத ஆடியில், தள்ளுபடியே இல்லாவிட்டாலும் 200 சேலை போகும் என்பது கடைக்காரரின் மதிப்பீடு. அப்படியானால் கிடைப்பது 60,000 ரூபாய்.

இதில் 20 சதவீதம் குறைத்தால், 300 ரூபாய் 100 ஆகிவிடுகிறது. பழைய 60,000 ரூபாயைப் பார்க்கவே 600 சேலை விற்க வேண்டும். "போட்ட காசுக்குப் பாதிக்கு மேல் லாபம் இருக்கிறதே" என்றார் அவர். உண்மைதான், ஆனால் அந்த லாபத்தை அவர் 650 ரூபாயின் மேல் கணக்கிடுகிறார், தள்ளுபடியோ 1,000 ரூபாயின் மேல் விழுகிறது. நல்ல வியாபாரிகளே இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஆகவே எதிர்த்திசையில் தொடங்கினோம். பழைய பில்களின்படி, எந்த ஆடியிலும் 360 சேலைக்கு மேல் விற்றதில்லை. விளம்பரச் செலவு 6,000. அதையும் சேர்த்து வர வேண்டிய 66,000 ரூபாயை 360 சேலைக்குப் பங்கிட்டால், ஒன்றுக்கு ஏறத்தாழ 183 ரூபாய் நின்றாக வேண்டும். எனவே விட்டுக்கொடுக்கக்கூடியது 117 ரூபாய். அதாவது 12 சதவீதம்கூட இல்லை. 10 சதவீதம் என்று வைத்தால் 330 சேலையில் கணக்கு நேராகும். 360 விற்றால் கூடுதலாக 6,000 ரூபாய் கிடைக்கும். இத்தனை தோரணத்துக்கும் கூட்டத்துக்கும் அவ்வளவுதான்.

அந்த 6,000 ரூபாயும் நிலைக்குமா என்பதை ஆவணி மாதப் பில்களே சொல்லும். ஆவணியில் முழு விலைக்கு வாங்கியிருக்கக்கூடிய 40 பேர் ஆடியிலேயே வாங்கிவிட்டால், அங்கே 12,000 ரூபாய் குறைகிறது. ஆடியில் வந்த லாபம் நஷ்டமாக மாறிவிடுகிறது. சென்ற ஆண்டு இந்தக் கடையில் ஆவணி விற்பனை ஏறக்குறைய அந்த அளவுக்கே இறங்கியிருந்தது.

இரண்டு ஆண்டுகளாக அலமாரியில் தேங்கிய சரக்குக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது; அதற்குப் போட்ட பணம் ஏற்கெனவே போய்விட்டது, மறுபடி அதே சரக்கை வாங்கப்போவதும் இல்லை. இறுதியில் அவர் அந்தப் பழைய சரக்குக்கு மட்டும் 40 சதவீதம் அறிவித்துவிட்டு, பருத்திச் சேலையின் விலையில் கை வைக்கவில்லை.