பூனைக் கதையும் 24 விநாடிச் சிரிப்பும்

மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் மண்டபம் ஊரில் ஆம்பிளைகள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பகலில் வலையைச் சரிபார்ப்பார்கள். பொழுது சாய்ந்தால் திண்ணையில் பழங்கதை ஓடும். எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது, மாமா பொண்ணு பார்க்கப் போன கதை.

1986. பாம்பனுக்கு இன்னும் ரோட்டுப் பாலம் திறக்கவில்லை, ரயில்தான். அன்று காற்று பலமாக அடிக்க, ரயிலை மண்டபத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஸ்டேஷனில் மணிக்கணக்காகக் கிடந்தார்கள். மாமா தன் புது வேட்டியோடு, யாரோ கருவாட்டுக் கூடை வைத்து எடுத்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். பாம்பனில் பொண்ணு வீட்டுக்குள் நுழையும்போது பின்னாலேயே ஒரு பூனையும் நுழைந்தது.

அத்தை கலர் பாட்டிலோடு வந்து நின்றபோது, பூனை மாமாவின் வேட்டியை முகர்ந்துகொண்டிருந்ததாம். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் பூனையைப் பாத்துச் சிரிச்சேன். இவுக தன்னையப் பாத்துத்தான் சிரிச்சேன்னு நெனச்சு அங்ஙனயே தலைய ஆட்டிட்டாக."

இதைக் குறைந்தது ஐம்பது தடவை கேட்டிருப்பேன். இந்தத் தடைக்காலத்தில் அவர்கள் சொல்லும்போது போனில் பதிவு செய்தேன். காரணம் உண்டு. உளவியல் படித்த காலத்தில் வாசித்த ஓர் ஆய்வு எனக்கு மறக்கவே இல்லை.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் லாரா கர்ட்ஸ், சாரா அல்கோ என்ற இருவர் செய்து 2015-இல் வெளியிட்டது. காதலர்களும் தம்பதிகளுமாக 71 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிடமும் "நீங்கள் முதலில் சந்தித்த கதையைப் பேசுங்கள்" என்று சொல்லி வீடியோ எடுத்தார்கள். பிறகு அந்த வீடியோவில் இருந்த சிரிப்பை எல்லாம் குறித்தார்கள். அவள் மட்டும் சிரித்தது, அவன் மட்டும் சிரித்தது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தது என்று பிரித்து, மொத்தப் பேச்சில் சேர்ந்து சிரித்த நேரம் எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட்டார்கள். தங்கள் உறவு எப்படி இருக்கிறது, எவ்வளவு நெருக்கம், எவ்வளவு ஆதரவு என்று அந்த ஜோடிகளிடமே தனியாகக் கேட்டும் வைத்திருந்தார்கள்.

மற்ற சிரிப்புகளை எல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், சேர்ந்து சிரித்த நேரம் கூடக் கூட, உறவைப் பற்றிய அவர்களின் மதிப்பீடும் நெருக்கமும் ஆதரவும் கூடவே ஏறின. அந்த "கழித்த பிறகும்" என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 'சிரிச்சுப் பேசுற புருஷன் பொண்டாட்டி நல்லா இருப்பாங்க' என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆய்வு சொன்னது அதை இல்லை.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். பந்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஒருவர் தன் மனைவி வைத்த முதல் மீன் குழம்பைப் பற்றிச் சொன்னார். நல்லாவே சொன்னார். புளியைக் கரைக்காமல் உருண்டையாகவே போட்டாளாம், இவர் அதை மீன் தலை என்று நினைத்துக் கடித்தாராம். கூடம் அதிர்ந்தது, நானும் சிரித்தேன். அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, எல்லாரும் அடங்கின பிறகு, "ஆமா, இப்ப மட்டும் தட்டு நக்காமலா இருக்காக" என்று சிரித்தார். அப்போது கணவர் சிரிக்கவில்லை. யாருக்கோ போன் போட ஆரம்பித்துவிட்டார்.

மொத்தச் சிரிப்பை அளந்தால் அந்த ஜோடி முதல் மார்க் வாங்கும். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த நேரம் பூஜ்யம். கர்ட்ஸும் அல்கோவும் ஏன் இவற்றைப் பிரித்து எண்ணினார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

சரி, என் பதிவுக்கு வருகிறேன். கதை சரியாக 4 நிமிஷம், அதாவது 240 விநாடி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டு எண்ணினேன். இருவர் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டது 24 விநாடி, பத்தில் ஒரு பங்கு. ஆச்சரியம் எதில் என்றால், அதில் பெரும்பகுதி நகைச்சுவை வரும் இடத்தில் இல்லை. மாமா "அப்ப பாத்தா ஒரு பூனை..." என்று வாயெடுத்ததுமே, அத்தை "ஒண்ணா, ரெண்டு" என்று திருத்துகிறார். அவ்வளவுதான், இரண்டு பேரும் வெடித்துவிட்டார்கள். வெளியாள் யாராவது கேட்டால் இதில் என்ன சிரிப்பு என்று முழிப்பார்.

இது ஏன் நெருக்கத்தைத் தருகிறது? அதே இருவர் 2017-இல் சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு வீடியோ வழியாகச் சேர்ந்து சிரித்தவர்களுக்கு, 'இவரும் நம்மைப் போலத்தான்' என்ற எண்ணம் கூடியது. அந்த எண்ணத்தின் வழியாகவே அவர் மேல் விருப்பமும் கூடியது. ஒரே நொடியில் சிரிப்பது என்றால், அந்த நொடியில் உலகத்தை இரண்டு பேரும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள் என்றுதானே அர்த்தம். மீன் குழம்புக் கதையில் அந்தக் கண் ஒன்றாகவில்லை.

வரன் தேடும் விளம்பரங்களில் 'நகைச்சுவை உணர்வு உள்ளவர் தேவை' என்று வருகிறதே, அது எனக்குத் தப்பான கேள்வியாகத்தான் படுகிறது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 39 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை, ஒன்றாக வைத்துப் பார்த்து 2017-இல் எழுதினார். ஆள் தனியாக எவ்வளவு வேடிக்கையாகப் பேசுவார் என்பதைவிட, இருவரும் சேர்ந்து உண்டாக்கிக்கொள்ளும் சிரிப்புக்குத்தான் உறவில் எடை அதிகம் என்றார். அதை விளம்பரத்தில் கேட்க முடியாது. ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பார்க்க வேண்டும். நம்மூரில் பத்து நிமிஷம் தருகிறோம், அதுவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

இதைப் படித்துவிட்டு வீட்டில் ஸ்டாப்வாட்சை எடுத்துவிடாதீர்கள். 71 ஜோடி ஆய்வு காட்டுவது தொடர்பை மட்டும்தான். சேர்ந்து சிரிப்பதால் நெருக்கமா, நெருக்கம் இருப்பதால் சிரிப்பா என்று அது பிரித்துச் சொல்லாது. இத்தனை விநாடி சிரித்தால் நல்ல ஜோடி என்று எந்த எல்லைக்கோடும் அதில் இல்லை. என் கணக்கிலோ இன்னும் பெரிய ஓட்டை. மாமாவும் அத்தையும் பேசும்போது சுற்றிப் பத்துப் பேர் இருந்தோம். ஆள் இருந்தால் சிரிப்பு கூடத்தான் செய்யும்.

ஆனால் திரும்பத் திரும்பச் சொல்வதில் ஒன்று இருக்கிறது. உளவியலாளர் டோரிஸ் பாஸினியும் கூட இருந்தவர்களும் 2007-இல் 52 ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வில், சிலரைச் சேர்ந்து சிரித்த சம்பவங்களை நினைவுகூரச் சொன்னார்கள். மற்றவர்களைத் தனியாகச் சிரித்ததையோ, சேர்ந்தோ தனியாகவோ சந்தோஷமாக இருந்ததையோ நினைக்கச் சொன்னார்கள். சேர்ந்து சிரித்ததை நினைத்தவர்கள்தான் உறவில் அதிகத் திருப்தி சொன்னார்கள். சும்மா இனிய நினைவு அந்த வேலையைச் செய்யவில்லை. மாமாவும் அத்தையும் நாற்பது வருஷமாக இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், பெயர் தெரியாமல்.

அன்றே என்னையும் என் வீட்டுக்காரரையும் பதிவு செய்தேன். 300 விநாடிப் பேச்சில் 9 விநாடி. அவர் பேசும்போது நான் சிரித்திருக்கிறேன். நான் பேசும்போது அவர் சரக்கு ஏற்றும் வண்டிக்காரரிடம் போனில் பேசியிருக்கிறார். அப்புறம் சண்டையும் போட்டோம், அதைப் பதிவு செய்யவில்லை.

மாமாவிடம் 24 விநாடிக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பூனையச் சேத்தா, சேக்காமயா?" என்றார்.

"ரெண்டு பூனை!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.