'கையால் சமாளிக்கலாம்' என்று மினிட்ஸில் எழுதினேன்

அடுத்த மூன்று மாதம் எந்த வேலையைச் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்று முடிவு செய்ய 2025 ஜூலை முதல் வாரம் எங்கள் ஆபீஸில் நடந்த ரோட்மேப் மீட்டிங்குக்கு மினிட்ஸ் எழுதியது நான்தான். அதில் ஆறாவது வரி இது:

"தேதிவாரி வரி விகிதம்: தள்ளிவைக்கிறோம். காரணம்: மருந்துகளுக்கு ஜிஎஸ்டி விகிதம் மாறுவது அபூர்வம், மாறினால் கையால் சமாளிக்கலாம். மறுபடி எடுப்பது: ஜிஎஸ்டி கவுன்சில் முடிவை அறிவித்தால். மாற்றுக் கருத்து: சப்போர்ட்."

இந்த ஒரு வரி எங்களைப் பாதி காப்பாற்றியது, பாதி கவிழ்த்தது. மினிட்ஸ் என்றால் 'யார் வந்தார்கள், என்ன முடிவானது' என்று நாலு வரி தட்டி மெயிலில் போடுவதுதான் என்று நினைப்பவர்களுக்காக இதை விரிவாகவே எழுதுகிறேன்.

மருந்துக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. சுமார் 900 கடைகள். டெவலப்பர்கள் 4 பேர். ஒருவர் ஒரு வாரம் செய்யும் வேலை ஓர் ஆள்-வாரம். மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 52 ஆள்-வாரம் வரும். அதில் லீவு, தினசரி வரும் டிக்கெட், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் போக, புதுசாக ஏதாவது செய்யக் கையில் நிற்பது 30. கேட்டிருந்த வேலைகளோ மொத்தம் 55 ஆள்-வாரம். ஆக, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டியாக வேண்டும். மீட்டிங்கின் வேலையே அதுதான்.

நெட் போனாலும் பில் போடும் வசதிக்கு 12, காலாவதியான மருந்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திருப்பும் கணக்குக்கு 10. இந்த இரண்டிலும் யாருக்கும் சண்டையில்லை. மீதி 8. வாட்ஸ்ஆப்பில் பில் அனுப்பும் வசதிக்கு 4 போதும், மிச்சம் 4-ஐக் கைக்காவலாக வைத்துக்கொள்ளலாம். அல்லது தேதிவாரி வரி விகிதத்தை எடுக்கலாம், அதற்கு 7 வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது. இங்கேதான் ஒன்றரை மணி நேரம் போனது.

அந்த வரி விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரே மருந்து பேட்ச் பேட்சாக வரும். ஒவ்வொரு பேட்சுக்கும் காலாவதித் தேதி வேறு, எம்ஆர்பி வேறு. அதனால் கொள்முதல் பில்லை ஏற்றும்போதே பேட்சுக்கு ஒரு வரிசை உருவாகும். எங்கள் சாஃப்ட்வேரை முதலில் எழுதியவர், கொள்முதல் பில்லில் இருந்த வரி விகிதத்தையும் அதே வரிசையில் போட்டு வைத்துவிட்டார். விற்கும்போது அங்கிருந்தே எடுக்கும். விகிதம் மாறாத வரைக்கும் இதில் ஒரு தப்பும் தெரியாது. மாறினால்தான் வம்பு. வரி, வாங்கிய நாளைப் பார்க்காது. விற்கிற நாளைத்தான் பார்க்கும். அலமாரியில் இருக்கும் பழைய பேட்ச் எல்லாம் பழைய விகிதத்திலேயே பில் ஆகும். விற்கிற தேதியை வைத்து விகிதத்தை எடுக்கும்படி மாற்றுவதுதான் அந்த வேலை.

இதை மீட்டிங்கில் விளக்கியது சப்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. எங்களில் கடைக்காரர்களோடு தினமும் பேசுகிற ஒரே ஆள். "மாறினா கையால மாத்திக்கலாம்னு சொல்றீங்களே தம்பி, ஒரு கடைக்கு நாலாயிரம் ஐட்டம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு பேட்ச். யார் கை?" என்றார். சேல்ஸ் அண்ணன் விடவில்லை. வாட்ஸ்ஆப் பில் இல்லாமல் டெமோவுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான்.

சண்டை முற்றியதும் நான் எண்ணைக் கொண்டுவந்தேன். ரைஸ் என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு, இன்டர்காம் கம்பெனிக்காரர்கள் பரப்பியது. எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு தாக்கம், நமக்கு எவ்வளவு நிச்சயம், இந்த மூன்றையும் பெருக்கி உழைப்பால் வகுக்க வேண்டும். வாட்ஸ்ஆப் பில்லுக்கு 600 கடை, தாக்கம் 0.5, நிச்சயம் 80 சதவீதம், உழைப்பு 4. வந்தது 60. வரி விகிதத்துக்கு 900 கடை, தாக்கம் 0.25, நிச்சயம் 50 சதவீதம், உழைப்பு 7. வந்தது 16. பேச்சு முடிந்தது.

அந்த 0.25 எங்கிருந்து வந்தது? நான் போட்டதுதான். 'வழக்கமாக ஒன்றும் நடக்காது' என்ற நினைப்பில் மிகக் குறைந்த எண்ணைப் போட்டேன். நடந்துவிட்டால் தாக்கம் 3, அதாவது அந்த அளவுகோலின் உச்சம். அதைப் போட்டிருந்தால் மதிப்பெண் 190-ஐத் தாண்டியிருக்கும். எப்போதாவது வந்து, வந்தால் எல்லாரையும் ஒரே நாளில் அடிக்கிற விஷயத்தை இந்த முறையால் எடைபோட முடியாது. சராசரி பார்த்தே கணக்குச் சொல்லும். இன்றும் ரைஸ் போடுகிறேன், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சட்டம், வரி, லைசென்ஸ் சம்பந்தப்பட்ட வேலைகளை அந்த அட்டவணையிலேயே சேர்ப்பதில்லை.

ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டைப் பேச்சில் தீபாவளிக்குள் ஜிஎஸ்டி சீர்திருத்தம் என்றார். குடும்பத்தோடு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மினிட்ஸ் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை ஆபீஸில் சொன்னேன். "கவுன்சில் இன்னும் அறிவிக்கலையே, நீங்களே அப்படித்தானே எழுதியிருக்கீங்க" என்றார்கள். எழுதியிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 3 ராத்திரி அறிவிப்பு வந்தது. 12, 28 சதவீத அடுக்குகள் போய், 5-ம் 18-ம் முக்கிய விகிதங்கள். பெரும்பாலான மருந்துகள் 12-லிருந்து 5-க்கு. செப்டம்பர் 22 முதல் அமல். எங்களுக்குக் கிடைத்தது 19 நாள். ஆகஸ்ட் 15 அன்றே கோப்பைத் திறந்திருந்தால் 38 நாள் இருந்திருக்கும். நான் எழுதிய 'மறுபடி எடுப்பது' என்ற நிபந்தனை, செய்து முடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்பதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. வீட்டுக்குள் வெள்ளம் வந்த பிறகு மூட்டை கட்டலாம் என்று எழுதி வைத்த மாதிரி.

சரி, 12 எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் 5 ஆக்கிவிட்டால் என்ன? இதுதான் முதல் யோசனை. ஆனால் 33 உயிர்காக்கும் மருந்துகள் 12-லிருந்து நேராகப் பூஜ்யத்துக்குப் போயின. அந்தப் பட்டியல் மருந்தின் மூலப்பெயரில் இருக்கும், கடைக்காரர் பதிவில் இருப்பதோ பிராண்ட் பெயர். விலையும் சும்மா இருக்காது. எம்ஆர்பி வரியை உள்ளடக்கியது. 112 ரூபாய் ஸ்டிரிப்பில் 100 ரூபாய் அடிப்படை விலை, 12 ரூபாய் வரி. 5 சதவீதம் ஆனால் 105 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஸ்டிரிப்பில் 112 என்றே அச்சாகியிருக்கும், பில்லில் 105 வர வேண்டும். 'கையால் சமாளிக்கலாம்' என்றது இதைத்தான்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் கூடினோம். இங்கேதான் மினிட்ஸ் உதவியது. அதில் இன்னொரு வரி இருந்தது: "இடையில் அவசர வேலை நுழைந்தால் முதலில் வெளியேறுவது வாட்ஸ்ஆப் பில், அடுத்தது காலாவதி ரிட்டர்னில் கிளெய்ம் அறிக்கை." எல்லாரும் நிதானமாக இருந்தபோது ஒத்துக்கொண்ட வரிசை. அன்றைக்குப் புதிதாகக் கேட்டிருந்தால் சேல்ஸ் அண்ணன் ஒத்திருக்க மாட்டார். அவரே அந்த வரியைப் படித்துவிட்டு "எடுத்துருங்க" என்றார். இருபது நிமிடத்தில் போனை வைத்தோம்.

கடைகளுக்கு அப்டேட் போய்ச் சேரவே மூன்று நான்கு நாள் ஆகும். அதைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 5 ஆள்-வாரம், வேலையோ 7. மறுபடி வெட்டினோம். விற்கிற தேதியை வைத்து விகிதம் எடுப்பது, புது விலை, பொருளின் வகையைச் சொல்லும் எச்எஸ்என் குறியீடு ஒன்றே அந்த மாத ஜிஎஸ்டி ரிட்டர்னில் 12-லும் 5-லும் தனித்தனியாக வருவது, இவை மூன்றும் கட்டாயம். வெட்டியது விற்பனை ரிட்டர்ன், அதாவது விற்ற மருந்தை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுப்பது. 22-க்கு முன் வாங்கிய மருந்தைப் பிறகு திருப்பினால் பழைய விகிதத்தில்தான் கழிக்க வேண்டும். பழைய பில் நம்பர் கொடுத்தால் சாஃப்ட்வேர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பில் இல்லாமல் ஸ்டிரிப்பை மட்டும் கொண்டுவந்தால் எந்த விகிதம் என்று அதற்குத் தெரியாது. அதனால் பில் இல்லாத ரிட்டர்னையே தற்காலிகமாகப் பூட்டினோம். கடைக்காரர்கள் திட்டினார்கள், நியாயமான திட்டு. அதையும் காரணத்தோடு மினிட்ஸில் எழுதினேன்.

'மாற்றுக் கருத்து: சப்போர்ட்' என்று எழுதியதற்காக ஜூலையில் முதலாளி சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், "ஒருமனதா முடிவாச்சுன்னு போட்டா என்ன?" என்று. அப்படிப் போட்டிருந்தால், செப்டம்பரில் அக்கா சொன்ன நாலாயிரம் ஐட்டம் கணக்கை யாரும் தேடிப் போயிருக்க மாட்டோம். தோற்ற வாதத்தில்தான் பெரும்பாலும் வேலை விவரம் இருக்கிறது. ஜெயித்த வாதம் எப்படியும் ஃபீச்சராக வந்துவிடும்.

என் பழைய மினிட்ஸ்களைப் புரட்டினால் 'பிறகு பார்க்கலாம்', 'ஆள் இல்லை', 'அடுத்த குவார்ட்டர்' என்றே இருக்கிறது. ஆள் இல்லை என்பது எல்லா வேலைக்கும் பொருந்தும், இந்த வேலை ஏன் தள்ளிப்போனது என்பதை அது சொல்லாது. 'மாறுவது அபூர்வம்' தப்பான காரணம்தான், ஆனால் உடைந்த அன்றே உடைந்தது தெரிந்தது. 'ஆள் இல்லை' என்றைக்கும் உடையாது.

ஜனவரி மீட்டிங்கில் இரண்டு கவுண்டர் இருக்கும் கடைகளுக்கு நெட் இல்லாமல் பில் போடும் வசதியைத் தள்ளிவைத்தோம். பில் நம்பர் தொடர்ச்சியாகவும் அந்த நிதியாண்டில் ஒருமுறையே வருவதாகவும் இருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. நெட் இல்லாத இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நம்பரைக் கொடுத்துவிடும். கவுண்டருக்கு ஒரு தனி வரிசை வைத்தால் அது தீரும். கடைசி ஸ்டிரிப்பை இரண்டு கவுண்டரும் விற்றுவிடுவது தீராது. அதனால் எழுதியது இப்படி:

"காரணம்: இரண்டு கவுண்டர் கடைகள் இப்போது 40, இருப்பு மைனஸில் போனால் நாள் முடிவில் சரிசெய்ய ஒரு கடைக்குப் பத்து நிமிடம் ஆகும் என்று மூன்று கடையில் பார்த்தோம். மறுபடி எடுப்பது: கடைகள் 80-ஐத் தொட்டால். வேலைக்கு 8 ஆள்-வாரம் வேண்டும் என்பதால் 100 வரை காத்திருக்கக் கூடாது."

அக்காவுக்கு அனுப்பினேன். ரெண்டு முறை படித்துவிட்டுப் போன் செய்தார். "பத்து நிமிஷம் யார் கை தம்பி, கடைக்காரர் கையா சப்போர்ட்ல இருக்குற என் பொண்ணுங்க கையா? அதையும் போடுங்க."

போட்டேன்.