கொன்சோலுக்குப் பக்கத்தில் நோடு வைத்தால் போதாது

“மெஷ் நோடை கொன்சோலுக்குப் பக்கத்துல வச்சா ஃபுல் சிக்னல், லேக் போயிடும்.”

தம்பி, அந்த ஃபுல் சிக்னல் கொன்சோலுக்கும் நோடுக்கும் இடையில் மட்டும்தான். நோடு என்பது ரவுட்டரின் வைஃபையை வாங்கிக் கடத்தும் பெட்டிதான், முன் ஹோலில் இருக்கும் ரவுட்டரை அது அதே சுவர்களைத் தாண்டித்தான் பிடிக்க வேண்டும். நோடிலிருந்து கொன்சோலுக்கு லான் வயர் போடச் சொன்ன அண்ணா பாதி சரி. ரவுட்டர் பக்கம் இன்னும் வைஃபைதானே.

கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்னறையில், லெப்டொப்பை நோடில் வயரால் செருகி ரவுட்டருக்கு `ping 192.168.1.1` அடித்துப் பார்த்தேன். 3 மில்லிசெகண்டில் இருந்தது திடீர் திடீரென 90க்குத் துள்ளியது. நோடை நடு அறையில் கதவுக்கு நேராக வைத்ததும் துள்ளல் குறைந்தது, நிற்கவில்லை. அப்புறம் ரவுட்டரிலிருந்து நோடுக்குக் கூரைக்கு அடியால் கேட்6 வயர் இழுத்து, அதே நோடை அக்சஸ் பொயின்ட் மோடில் போட்டேன், 2ஐத் தாண்டவில்லை. நோடு ரவுட்டர் மோடில் இருந்தால், இரண்டு ரவுட்டர்கள் அடுத்தடுத்து முகவரி மாற்றும் இரட்டை நாட் வந்து, பார்ட்டி சட்டில் குரல் கேட்காமல் போகலாம்.

அக்கரைப்பற்று அக்கா கேட்ட மாடி வீட்டில் நடுவில் கொங்கிரீட் தளம். அங்கே நடு நோடு போதுமா என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.