பொய்ச் சாட்சியின் பலம்

“அடி உதை இல்லாமல், செய்யாததை எவனாவது ஒத்துக்கொள்வானா?”

ஒத்துக்கொள்வான். உளவியலாளர் சால் காசின் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், ஆல்ட் விசையைத் தொடக்கூடாது என்று எச்சரித்து மாணவர்களைத் தட்டச்சு செய்யவைத்தார்கள். கணினி தானாகவே நின்றது, பழி அவர்கள்மேல். நிதானமாகத் தட்டியவர்களில், சாட்சி இல்லாதபோதே 35% பேர் ஒப்புதலில் கையெழுத்திட்டார்கள். வேகமாகத் தட்டவைத்து, “அழுத்தியதைப் பார்த்தேன்” என்று ஒருவர் பொய் சொன்னதும் அத்தனை பேரும் கையெழுத்திட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒருவர் எப்படி அழுத்தினோம் என்று விவரத்தையே கற்பனையாகச் சொன்னார்!

கொலைப்பழி இவ்வளவு லேசானதல்ல, உண்மைதான். ஆனால் தூக்கமின்மையும் பல மணி நேர விசாரணையும் நினைவை அதே மாதிரிக் குழப்பும். வாக்குமூலத்தில் “குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த” விவரம் இருந்தால், அதை முதலில் சொன்னது யார் என்று பாருங்கள். போலீஸ் கேட்ட கேள்வியிலேயே கசிந்திருக்கலாம். விசாரணையின் கடைசிப் பத்து நிமிட வீடியோ இதைக் காட்டாது. முதல் நிமிடத்திலிருந்து பதிவு வேண்டும்.